"வேர் யூ ஆர் கோயிங்": ஆங்கிலத்தில் கேள்வி கேட்கும்போது சொல்வரிசை ஏன் புரள்கிறது, எப்படிச் சரிசெய்வது

ஆங்கிலம் ஓரளவு பேச வந்துவிட்டவர்களிடம் ஒரு விநோதத்தைக் கவனிக்கலாம். "ஆர் யூ கோயிங் ஹோம்?" என்று பிசகில்லாமல் கேட்பார்கள். அடுத்த நொடியே அதே வாயிலிருந்து "வேர் யூ ஆர் கோயிங்?" என்று வரும். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியில் ஒழுங்காக நின்ற சொற்கள், எங்கே, ஏன், எப்போது என்று ஒரு வினாச்சொல் முன்னால் வந்ததும் இடம் மாறிவிடுகின்றன. சரியான வடிவம் "வேர் ஆர் யூ கோயிங்?" என்பது பலருக்குத் தெரியும். எழுதச் சொன்னால் சரியாகவே எழுதுவார்கள். பேசும்போதுதான் நழுவுகிறது.

இந்தக் கட்டுரை அந்த ஒரு நழுவலைப் பற்றியது. ஆங்கில வாக்கியங்களை உச்சரிப்புப்படி தமிழ் எழுத்திலேயே தருகிறேன். கண்ணால் படித்துக்கொண்டு போகாமல் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வாருங்கள்.

ஏன் நழுவுகிறது

தமிழில் கேள்வி எப்படிப் பிறக்கிறது என்று முதலில் பார்ப்போம். "அவன் வீட்டுக்குப் போகிறான்" என்ற வாக்கியத்தைக் கேள்வியாக்க நமக்கு இரண்டு வழிகள் உண்டு. கடைசியில் ஒரு "ஆ" சேர்த்து "அவன் வீட்டுக்குப் போகிறானா?" என்று கேட்கலாம். அல்லது "வீட்டுக்கு" என்பதை எடுத்துவிட்டு அதே இடத்தில் "எங்கே" என்று வைத்து "அவன் எங்கே போகிறான்?" என்று கேட்கலாம். இரண்டையும் சேர்த்து "அவன் எங்கே போகிறானா?" என்று யாரும் கேட்பதில்லை. ஒரு கேள்விக்கு ஓர் அடையாளம் போதும் என்பது தமிழின் கணக்கு. "எங்கே" வந்துவிட்டால் அது கேள்விதான் என்று காதுக்குத் தெரிந்துவிடும், "ஆ" தேவையில்லை.

ஆங்கிலத்தின் கணக்கு வேறு. அங்கே வினாச்சொல் முன்னால் வந்தாலும், கூடவே சொற்களும் இடம் மாறியாக வேண்டும். இரண்டு அடையாளங்களும் ஒரே கேள்வியில் தேவை. "ஆர்" என்பது "யூ"வுக்கு முன்னால் போவது நம் "ஆ" செய்யும் வேலையைத்தான் செய்கிறது. ஆம்-இல்லை கேள்வியில் வேறு அடையாளம் இல்லாததால் அதை மறக்காமல் செய்துவிடுகிறோம். "வேர்" வந்ததும், அடையாளம் கிடைத்துவிட்டது என்று தமிழ் மனம் நிம்மதியாகி, மீதியைச் சாதாரண வாக்கியமாகவே விட்டுவிடுகிறது. "வேர்" என்று ஆரம்பித்து "யூ ஆர் கோயிங்" என்று முடிப்பது இப்படித்தான்.

இன்னொரு காரணம் காது. ஆங்கிலம் வேகமாகப் பேசுபவர்கள் இந்த நடுச்சொற்களை அழுத்திச் சொல்வதில்லை. "வாட் டிட் யூ சே?" என்பது "வாடிஜ சே?" என்று கேட்கும். "வேர் டூ யூ லிவ்?" என்பதில் "டூ"வும் "யூ"வும் கலந்து ஒரு சின்ன முணுமுணுப்பாகிவிடும். கேட்டே மொழி பழகுகிறவருக்கு "வாட்", "சே", "வேர்", "லிவ்" மட்டும்தான் காதில் விழுகின்றன. விழாத சொல்லை வாய் எப்படிச் சொல்லும்? வீட்டில் ஆங்கிலமே பேசி வளரும் குழந்தைகளும் சின்ன வயதில் கொஞ்ச காலம் இதே மாதிரி புரட்டிக் கேட்பதுண்டு. கேட்டுக் கேட்டுத் தானாகத் திருந்திவிடுவார்கள். பெரியவர்கள் முயன்று திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் துணைச்சொல்லைக் கண்டுபிடியுங்கள்

இடம் மாறுவது எது? ஹெல்ப்பிங் வெர்ப் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்த துணைவினை. ஆம், இஸ், ஆர், வாஸ், வர், வில், கேன், ஷுட் என்று நீளும் அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பேசும்போது யாரும் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருக்க முடியாது. அதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது.

கேள்வி கேட்கத் தெரியாமல் தடுமாறுகிறவர்களுக்கும் "இல்லை" என்று சொல்ல வரும். "ஐ டோன்ட் நோ", "ஹி டிடன்ட் கம்", "ஷி இஸன்ட் ஹியர்" எல்லாம் தயங்காமல் வந்துவிடும். அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். எந்த வாக்கியத்தையும் இல்லை என்ற பொருளுக்கு மாற்றுங்கள். "நாட்" எந்தச் சொல்லோடு போய் ஒட்டுகிறதோ, அதுதான் கேள்வியில் முன்னால் போக வேண்டிய சொல்.

"ஷி இஸ் ஸ்லீப்பிங்" என்பதை மாற்றினால் "ஷி இஸன்ட் ஸ்லீப்பிங்". ஒட்டிய இடம் "இஸ்". "தே கேன் ஸ்விம்" என்பது "தே கான்ட் ஸ்விம்" ஆகும். ஒட்டிய இடம் "கேன்". "ஹி வில் கம்" என்பது "ஹி வோன்ட் கம்" ஆகும்போது உருவம் கொஞ்சம் மாறுகிறது. ஆனாலும் அது "வில்"தான்.

"யூ லிவ் ஹியர்" என்ற வாக்கியத்தில் துணைச்சொல் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. "யூ லிவ் நாட்" என்று இன்றைய ஆங்கிலத்தில் சொல்ல முடியாது. "யூ டோன்ட் லிவ் ஹியர்" என்றுதான் சொல்வோம். எங்கிருந்தோ ஒரு "டூ" வந்து குதிக்கிறது. "ஷி லிவ்ஸ் ஹியர்" என்றால் "ஷி டஸன்ட் லிவ் ஹியர்". "தே வென்ட் ஹோம்" என்றால் "தே டிடன்ட் கோ ஹோம்". துணைச்சொல் இல்லாத வாக்கியத்துக்குக் கடனாக வரும் துணைச்சொல்தான் இந்த டூ, டஸ், டிட். தனக்கென்று பொருள் எதுவும் அதற்கு இல்லை. இடம் மாறுவதற்கோ "நாட்" ஒட்டுவதற்கோ ஒரு சொல் வேண்டுமே என்பதற்காக மட்டும் வருகிறது. பழைய ஆங்கிலத்தில் இந்தக் கடன் இல்லாமல் வினைச்சொல்லே முன்னால் போய் நின்றது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில்தான் "டூ" படிப்படியாக அந்த வேலையை எடுத்துக்கொண்டது. ஆனால் அன்றும் இன்றும் ஏதோ ஒரு சொல் எழுவாய்க்கு முன்னால் போகத்தான் வேண்டும்.

கேள்வியைக் கட்டும் நான்கு படிகள்

ஒரு வாக்கியத்தை எடுத்து முழுவதும் செய்து பார்ப்போம். தோழியின் அண்ணன் எங்கே வேலை செய்கிறார் என்று கேட்க வேண்டும். நேராகக் கேள்விக்குப் பாயாமல் பதிலில் இருந்து தொடங்குங்கள்.

முதல் படி, பதிலை ஊகித்து ஒரு சாதாரண வாக்கியமாகச் சொல்லுங்கள். ஊகம் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. "யுவர் பிரதர் வொர்க்ஸ் இன் எ பேங்க்."

இரண்டாம் படி, அதை இல்லை என்று மாற்றுங்கள். "யுவர் பிரதர் டஸன்ட் வொர்க் இன் எ பேங்க்." துணைச்சொல் கிடைத்துவிட்டது: "டஸ்". இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். "வொர்க்ஸ்" என்பதில் இருந்த "ஸ்" காணாமல் போய், வினை வெறும் "வொர்க்" ஆகிவிட்டது. அந்த "ஸ்" தொலைந்து போகவில்லை. "டூ"வில் ஒட்டிக்கொண்டு அதை "டஸ்" ஆக்கியிருக்கிறது.

மூன்றாம் படி, "நாட்"டைக் கழற்றிவிட்டு, துணைச்சொல்லை எழுவாய்க்கு முன்னால் வையுங்கள். "டஸ் யுவர் பிரதர் வொர்க் இன் எ பேங்க்?" இது ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லத்தக்க முழுக் கேள்வி.

நான்காம் படி, ஊகித்த பகுதியை, அதாவது "இன் எ பேங்க்" என்பதை எடுத்துவிட்டு, முன்னால் "வேர்" சேருங்கள். "வேர் டஸ் யுவர் பிரதர் வொர்க்?"

நான்காம் படியில் ஏற்கெனவே இருந்த எந்தச் சொல்லும் இடம் மாறவில்லை என்பதுதான் முக்கியம். மாற்றம் எல்லாம் மூன்றாம் படியிலேயே முடிந்துவிட்டது. வினாச்சொல், ஏற்கெனவே கேள்வியாக இருக்கும் ஒன்றின் தலையில்தான் வந்து உட்கார வேண்டும். சாதாரண வாக்கியத்தின் தலையில் உட்காரவைத்தால் "வேர் யுவர் பிரதர் வொர்க்ஸ்?" என்ற தவறு பிறக்கும்.

எழுவாய் நீளமாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. "தி மீட்டிங் வித் தி நியூ மேனேஜர் ஸ்டார்ட்ஸ் அட் டென்" என்ற வாக்கியத்தில் எழுவாய் "மேனேஜர்" வரை நீள்கிறது. கேள்வி "வென் டஸ் தி மீட்டிங் வித் தி நியூ மேனேஜர் ஸ்டார்ட்?" என்று வரும். "டஸ்" சொன்ன பிறகு வினை வருவதற்குள் பல சொற்கள் கடந்துவிடுவதால், முடிவில் "ஸ்டார்ட்ஸ்" என்று வாய் தவறிவிடும்.

தொடக்கத்தில் இந்த நான்கு படிகளையும் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். பிறகு மூன்றாவதும் நான்காவதும் மட்டும் போதும்: "டஸ் ஹி வொர்க்… வேர் டஸ் ஹி வொர்க்?", "ஆர் யூ கோயிங்… வேர் ஆர் யூ கோயிங்?" இரண்டையும் ஒரே மூச்சில் இணைத்துச் சொல்லும்போது, தனியாகச் சரியாக வந்துகொண்டிருந்த ஆம்-இல்லை கேள்வி, வினாச்சொல் கேள்வியையும் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போகும்.

வினாச்சொல்லை மூடிப் பார்ப்பது

சொன்னது சரியா என்று சோதிக்க, வினாச்சொல்லை விரலால் மூடுங்கள். பேச்சில் என்றால் மனத்துக்குள் மூடுங்கள். மீதி இருப்பது தானே ஒரு ஆம்-இல்லை கேள்வியாக நிற்க வேண்டும். "வேர் ஆர் யூ கோயிங்?" என்பதில் "வேர்" போனால் "ஆர் யூ கோயிங்?" நிற்கிறது. சரி. "வேர் யூ ஆர் கோயிங்?" என்பதில் மீதி "யூ ஆர் கோயிங்". இது செய்தி சொல்கிறது, கேட்கவில்லை. தவறு.

மூடும்போது வினாச்சொல்லோடு ஒட்டி வந்த கூட்டாளிகளையும் சேர்த்து மூட வேண்டும். "ஹவ் மெனி டேஸ்", "வாட் டைம்", "ஹவ் மச்" எல்லாம் ஒரே கட்டு. "ஹவ் மெனி டேஸ் இட் வில் டேக்?" என்பது நம்மிடையே மிகவும் சகஜம். "ஹவ் மெனி டேஸ்" என்ற முழுக்கட்டையும் மூடினால் "இட் வில் டேக்" என்று வெறும் வாக்கியம் மிஞ்சுகிறது. சரியானது "ஹவ் மெனி டேஸ் வில் இட் டேக்?" அதேபோல் "ஹவ் மச் இட் காஸ்ட்ஸ்?" அல்ல, "ஹவ் மச் டஸ் இட் காஸ்ட்?"

என் அனுபவத்தில் எல்லாவற்றையும்விடப் பிடிவாதமான தவறு "ஒய் யூ டிடன்ட் கம்?" என்பதுதான். "டிடன்ட்" என்று துணைச்சொல் ஏற்கெனவே அங்கே இருப்பதால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றுகிறது. மூடிப் பாருங்கள்: "யூ டிடன்ட் கம்". வாக்கியம்தான். "டிடன்ட்" முழுவதாக "யூ"வைத் தாண்டி முன்னால் போக வேண்டும்: "ஒய் டிடன்ட் யூ கம்?" ஒட்டியிருக்கும் "நாட்"டைப் பிரிக்க வேண்டாம்; அதுவும் கூடவே போகும். பிரித்துத்தான் சொல்வீர்கள் என்றால் "ஒய் டிட் யூ நாட் கம்?" என்று வரும். பேச்சில் அது கொஞ்சம் விறைப்பாகவோ அழுத்தமாகவோ ஒலிக்கும்.

டூ வந்தபின் வினை வெறும் வினையாக இருக்க வேண்டும்

சொல்வரிசையைச் சரிசெய்துகொண்டவர்கள் அடுத்து விழும் குழி இது. "வேர் டிட் யூ வென்ட்?", "வாட் டிட் ஹி செட்?", "வாட் டஸ் இட் மீன்ஸ்?" என்று கேட்பார்கள். மூடிப் பார்க்கும் சோதனையில் இவை தேறிவிடும், வரிசை சரிதான். பிழை வினைச்சொல்லில் இருக்கிறது.

காலமும் "ஸ்" ஒலியும் ஒரு கேள்வியில் ஒருமுறை மட்டும் காட்டப்படும். அந்தப் பொறுப்பைத் துணைச்சொல் ஏற்றுக்கொண்டால் முதன்மை வினைக்கு அந்த வேலை இல்லை. "டிட்" என்று சொன்னதுமே அது நடந்து முடிந்த செய்தி என்று தெரிந்துவிட்டது. பிறகு அகராதியில் இருக்கும் வடிவத்தில் "கோ", "சே" என்று சொன்னால் போதும். "டஸ்" என்றதும் "ஸ்" கொடுத்தாகிவிட்டது. அதனால் "வாட் டஸ் இட் மீன்?" இல்லை என்று சொல்லும் வாக்கியத்தையே மறுபடி கவனியுங்கள்: "ஐ டிடன்ட் கோ" என்று சொல்லத் தெரிந்தால் "டிட் யூ கோ" என்பதிலும் "கோ"தான்.

"டூ" என்பதே முதன்மை வினையாகவும் வரும்போது சிலர் திகைப்பார்கள். "வாட் டூ யூ டூ?" என்பதில் முதல் "டூ" கடன் வாங்கிய துணைச்சொல், இரண்டாவது செய்தல் என்ற வினை. ஒன்றை விட்டுவிட்டு "வாட் யூ டூ?" என்று கேட்டால் பழைய தவறுதான்.

டூ வரக்கூடாத இடங்கள்

"டூ" பழகியதும் அதை எல்லா இடத்திலும் செருகும் ஆசை வரும். "வேர் டிட் யூ பார்ன்?" என்று கேட்பவர்கள் ஏராளம். பிறப்பது ஒரு செயல், கடந்த காலம், ஆகவே "டிட்" என்று மனம் கணக்குப் போடுகிறது. இல்லை என்று மாற்றிப் பாருங்கள். "ஐ டிடன்ட் பார்ன்" என்று வராது. "ஐ வாஸன்ட் பார்ன் ஹியர்" என்றுதான் வரும். துணைச்சொல் "வாஸ்". எதிரில் இருப்பவரிடம் கேட்கும்போது அது "வர்" ஆகிறது: "வேர் வர் யூ பார்ன்?"

"ஹாவ்" என்ற சொல் இரண்டு வேடங்களில் வரும். அதையும் அதே சோதனை பிரித்துக் காட்டிவிடும். "ஐ ஹாவ் ஃபினிஷ்ட்" என்பது "ஐ ஹாவன்ட் ஃபினிஷ்ட்" ஆகிறது. அங்கே "ஹாவ்" துணைச்சொல், கேள்வி "ஹாவ் யூ ஃபினிஷ்ட்?" என்று வரும். "ஐ ஹாவ் டூ பிரதர்ஸ்" என்பதில் இருக்கும் "டூ" இரண்டு என்ற எண், நம் துணைச்சொல் அல்ல. அதை இல்லை என்று மாற்றினால் "ஐ டோன்ட் ஹாவ் பிரதர்ஸ்". ஆகவே கேள்வி "ஹவ் மெனி பிரதர்ஸ் டூ யூ ஹாவ்?" ஆகும். "ஹவ் மெனி பிரதர்ஸ் யூ ஹாவ்?" என்பது காதுக்குப் பழகிப்போன தவறு.

யார், யாரை: தமிழே வழிகாட்டும் இடம்

மூடிப் பார்க்கும்போது சில கேள்விகளில் வாக்கியமும் இல்லாமல் கேள்வியும் இல்லாமல் ஒரு துண்டு மட்டும் மிஞ்சும். "ஹூ கால்ட் யூ?" என்பதில் "ஹூ" போனால் "கால்ட் யூ". எழுவாயே இல்லை. தவறா? இல்லை, முழுக்கச் சரி. இங்கே வினாச்சொல்லே எழுவாய். அது ஏற்கெனவே முன்னால்தான் நிற்கிறது. தாண்டிப் போக யாரும் இல்லாததால் துணைச்சொல்லைக் கடன் வாங்கத் தேவையில்லை. வினையும் தன் காலத்தைத் தானே சுமக்கிறது.

"ஹூ கால்ட் யூ?" என்றால் உங்களை யார் அழைத்தார். "ஹூ டிட் யூ கால்?" என்றால் நீங்கள் யாரை அழைத்தீர்கள். ஆங்கிலப் பேச்சில் இரண்டுக்கும் "ஹூ"தான். தமிழில் கேட்டுப் பார்த்தால் குழப்பமே இல்லை. "யார்" என்று வந்தால் "டூ" வேண்டாம். "யாரை", "யாரோடு" என்று வந்து, வேறு துணைச்சொல் இல்லாவிட்டால் "டூ" வேண்டும்.

உயிரில்லாத பொருள்களுக்கு இந்த உதவி முழுமையாகக் கிடைக்காது. "என்ன நடந்தது?", "என்ன வாங்கினாய்?" இரண்டிலும் தமிழ் வெறும் "என்ன" என்றே நிற்கிறது. அங்கே செயலைச் செய்வது யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கியது நீ, எழுவாய் தனியாக இருக்கிறது, எனவே "வாட் டிட் யூ பை?" நடந்தது அந்த "என்ன"தான், எனவே "வாட் ஹாப்பன்ட்?" அதை "வாட் டிட் ஹாப்பன்?" என்று கேட்பது டூவை அதிகமாகப் பழகியதன் பக்கவிளைவு. விடாமல் துருவித் துருவி அழுத்திக் கேட்கும்போது மட்டும் அப்படிச் சொல்வதுண்டு. யார் வரவில்லை என்று கேட்கும்போது "ஹூ டிடன்ட் கம்?" என்றுதான் வரும். "நாட்" ஒட்டுவதற்கு ஒரு சொல் தேவைப்படுவதால் அங்கே "டிட்" வருகிறது. கேள்வி என்பதற்காக அல்ல.

"வேர் யூ ஆர் கோயிங்" சரியாகும் இடம்

இதுவரை தவறு என்று சொல்லிவந்த அந்தத் தொடர் ஆங்கிலத்தில் இல்லாத ஒன்றல்ல. "டெல் மீ வேர் யூ ஆர் கோயிங்" என்பது சரியான ஆங்கிலம். "ஐ நோ வேர் யூ ஆர் கோயிங்" என்பதும் சரி. ஒரு கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டால் அதன் உள்ளே சொற்கள் இடம் மாறுவதில்லை. தமிழில் "நீ எங்கே போகிறாய் என்று சொல்" என்கிறோமே, அந்த "என்று" வரும் இடங்கள் இவை.

ஆகவே மூடிப் பார்க்கும் சோதனை, வினாச்சொல் வாக்கியத்தின் முதல் சொல்லாக இருந்தால் மட்டும்தான் செல்லும். வினாச்சொல்லுக்கு முன்னால் "டெல் மீ", "டூ யூ நோ", "கேன் யூ டெல் மீ" போன்றவை இருந்தால் பின்னால் சாதாரண வரிசைதான். "டூ யூ நோ வேர் ஷி லிவ்ஸ்?" என்பதில் கேள்விக்கான இடமாற்றம் "டூ யூ நோ" என்ற வெளிப்பகுதியிலேயே நடந்துவிட்டது. உள்ளே "டஸ்" இல்லை. அதனால் "ஸ்" தன் பழைய இடத்துக்கே திரும்பி "லிவ்ஸ்" என்றாகிவிட்டது. நேர்க்கேள்வியை நன்றாகப் பழகியவர்கள் இங்கே "டூ யூ நோ வேர் டஸ் ஷி லிவ்?" என்று தலைகீழாக்கிவிடுவார்கள். "கேன் யூ டெல் மீ வேர் இஸ் தி ஸ்டேஷன்?" என்பதும் அதே வகை. "வேர் தி ஸ்டேஷன் இஸ்" என்று முடிவதுதான் சரி. வாக்கியம் "இஸ்" என்று அந்தரத்தில் நிற்பதுபோல் முதலில் உறுத்தும், பழகிவிடும்.

ஒரு செய்தியைத் திருத்திப் பார்ப்போம்

வெளியூரிலிருந்து வந்திறங்கிய நண்பருக்கு ஒருவர் கைபேசியில் இப்படி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம்: "வென் யூ அரைவ்ட்? ஹவ் யூ கேம்? ஒய் யூ டிடன்ட் கால் மீ? ஹூ கேம் வித் யூ? ஹவ் மெனி டேஸ் யூ வில் ஸ்டே? டெல் மீ வாட் டூ யூ நீட்."

முதல் கேள்வியில் "வென்" என்பதை மூடினால் "யூ அரைவ்ட்" மிஞ்சுகிறது. இல்லை என்று மாற்றினால் "யூ டிடன்ட் அரைவ்". எனவே "வென் டிட் யூ அரைவ்?" இரண்டாவதும் அதே வழியில் "ஹவ் டிட் யூ கம்?" ஆகிறது, "கேம்" என்பது "கம்" ஆவதைக் கவனிக்க வேண்டும். மூன்றாவதில் "டிடன்ட்" ஏற்கெனவே இருக்கிறது, இடம் மட்டும் மாற வேண்டும்: "ஒய் டிடன்ட் யூ கால் மீ?"

நான்காவதைத் தொடாதீர்கள். தமிழில் "உங்களோடு யார் வந்தார்?" வெறும் "யார்"; எழுவாய் அதுதான். "ஹூ கேம் வித் யூ?" அப்படியே சரி. திருத்தும் வேகத்தில் "ஹூ டிட் கம் வித் யூ?" என்று ஆக்கிவிட வேண்டாம்.

ஐந்தாவதில் "ஹவ் மெனி டேஸ்" முழுவதையும் மூடினால் "யூ வில் ஸ்டே". துணைச்சொல் "வில்" கண்ணெதிரே இருக்கிறது, கடன் தேவையில்லை. "ஹவ் மெனி டேஸ் வில் யூ ஸ்டே?" கடைசி வரி கேள்வியே அல்ல. "டெல் மீ" என்று தொடங்குகிறது; "என்ன தேவை என்று சொல்" என்பது பொருள். ஆகவே "டூ" வெளியேற வேண்டும்: "டெல் மீ வாட் யூ நீட்." ஆறு வரிகளில் நான்கில் துணைச்சொல் முன்னால் போனது, ஒன்று அப்படியே நின்றது, ஒன்றில் டூ நீங்கியது.

பேச்சில் கேட்கும் விதிவிலக்குகள்

ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களும் "யூ ஆர் கோயிங் ஹோம்?" என்று இடம் மாற்றாமல் குரலை மட்டும் உயர்த்திக் கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். பதில் ஏறத்தாழத் தெரிந்திருந்து உறுதிப்படுத்திக்கொள்ளும்போதோ வியப்பாகக் கேட்கும்போதோ அப்படிச் சொல்வார்கள். அது ஆம்-இல்லை கேள்விக்கு மட்டும் கிடைக்கும் சலுகை. "வேர்" முன்னால் வந்துவிட்டால் குரலை எவ்வளவு உயர்த்தினாலும் இடமாற்றம் தேவைதான்.

"யூ ஆர் கோயிங் வேர்?" என்று வினாச்சொல்லைக் கடைசியில் விட்டுக் கேட்பதும் உண்டு. எதிராளி சொன்னது சரியாகக் காதில் விழாதபோதோ, விழுந்தும் நம்ப முடியாதபோதோ "எங்கே போறேங்கிறே?" என்ற தொனியில் வரும் கேள்வி அது. முதல் முறையாக ஒருவரிடம் அப்படிக் கேட்டால், அவர் ஏற்கெனவே ஏதோ சொல்லி நீங்கள் திகைத்துவிட்டதுபோல் ஒலிக்கும்.